வரவேற்பாளர் வேலைக்கு நிதானம் எழுதிய கடிதம்

பேருந்து நிறுவனத்தின் முன்பதிவு அலுவலகத்தில் அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்தவர் கிளை மேலாளர். பாராட்டாக வைத்த பெயர் இல்லை. பக்கத்து கவுன்ட்டரில் மூன்று டிக்கெட் போடும் நேரத்தில் இவள் இரண்டுதான் போடுவாள். ஊர், தேதி, கிழமை, ஏறும் இடம், நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வந்தவர் வாயாலும் ஒருமுறை சொல்ல வைத்துவிட்டுத்தான் டிக்கெட்டை நீட்டுவாள். “நிதானம் மேடம் முடிச்சிட்டாங்களா, இல்ல நாளைக்கு வரட்டுமா?” என்று மேலாளர் உள்ளிருந்து கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். நாளடைவில் அந்தப் பெயர் அவளோடு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்கூட நல்ல மனநிலையில் இருந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

பதினோரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு டிக்கெட் எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது. கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் குறைந்து, வழி கேட்பவர்களும் சில்லறை கேட்பவர்களும் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு மாத இறுதியில் கண்ணாடிக்குப் பின்னால் திரையை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு.

வீட்டில் சும்மா இருந்த மூன்று மாதத்தில் அலமாரிகளை நான்கு முறை அடுக்கினாள். கல்லூரியில் படிக்கும் மகள், “அம்மா, என் சட்டை எங்க இருக்குன்னு உன்கிட்ட கேட்டாதான் தெரியுது. என் ரூமுக்கும் டிக்கெட் கொடுக்க ஆரம்பிச்சிட்ட” என்றாள்.

ஒரு நாள் கணவர் வேலை முடிந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் கைபேசியை நீட்டினார். அவர் பராமரிக்கும் ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடியில் ஒரு கிளினிக் இருந்தது. லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் பிடித்து வந்திருந்தார். வரவேற்பாளர் தேவை. மரியாதை, தெளிவான பேச்சு, நெருக்கடியில் நிதானம் அவசியம். கைப்பட எழுதிய கடிதம் மட்டும் ஏற்கப்படும்.

“உன் பேரைப் போட்டே விளம்பரம் கொடுத்திருக்காங்க” என்றார்.

“கிளினிக்குல எனக்கு என்னங்க தெரியும்? மாத்திரையை முழுங்கத் தெரியும், அவ்வளவுதான்.”

“டாக்டர் வேலைக்கா கூப்பிடறாங்க? எழுதித்தான் பாரேன். என்ன குறைஞ்சு போச்சு?”

கடிதம் எழுதுவது சின்ன வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். மகள் இணையத்திலிருந்து ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதி முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாசித்துக் காட்டினாள். ‘இனிய சுபாவமும், சிறந்த தொடர்புத் திறனும், எத்தகைய சவாலையும் எதிர்கொள்ளும் மனவுறுதியும் கொண்ட நான்’ என்று ஆரம்பித்தது அது.

கணவர் ஒரு பழுதான ஸ்விட்சைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு, “யாரு இவங்க?” என்றார்.

“நான்தான்.”

“நம்ம வீட்டுல இப்படி ஒருத்தரும் இல்லையே. இருந்தா நான் கொஞ்சம் பயந்துல்ல இருப்பேன்.”

மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்பா, எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க.”

“அதான் சொல்றேன். எல்லாரும் இப்படி எழுதினா, படிக்கிறவங்களுக்கு எல்லாரும் ஒரே ஆளாத்தானே தெரிவாங்க? மரியாதை இருக்குன்னு நம்மளே சொல்லிக்கிட்டா ஆச்சா? லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு நான் எழுதிக் கொடுத்தா யாரு நம்புவாங்க? ஏறிப் பாக்கணும்.”

கணவர் சொன்னது சரிதான் என்பதுதான் அவளுக்கு எரிச்சல். மறுநாள் மகளும் அவரும் கிளம்பிப் போனதும் சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை மனதில் வந்ததை எல்லாம் எழுதினாள். ஆறு பக்கம் ஆயிற்று. மேலாளர் செய்த கேலி, திரை மூடிய நாள், முழங்கால் வலி எல்லாம் அதில் இருந்தன. திரும்பப் படித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. நோயாளிகளுக்கு நடுவே இதைப் படிக்கிற டாக்டர், வேலை கொடுப்பதற்குப் பதிலாக மருந்து எழுதித் தருவார் என்று தோன்றியது.

மூன்றாம் முறை எழுதும்போது, கவுன்ட்டரில் எதிரே ஒரு ஆள் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். அவருக்கு அவசரம். பின்னால் வரிசை. அவருக்கு என்ன தெரிந்தாக வேண்டும்? அதை மட்டும் எழுதினாள்.

“மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். லிஃப்ட் அருகில் ஒட்டியுள்ள அறிவிப்பைப் பார்த்து, வரவேற்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.

பதினோரு ஆண்டுகள் பேருந்து முன்பதிவு அலுவலகத்தில் வேலை செய்தேன். நேரில் வருபவர்களிடமும் தொலைபேசியிலும் பேசுவதுதான் என் வேலை. கிளினிக்கில் வேலை பார்த்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெளிவாகப் பேசுவது பற்றி: எங்களிடம் செவ்வாய்க்கிழமை 12.10 என்று ஒரு வண்டி இருந்தது. அது நள்ளிரவு வண்டி. திங்கட்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால்தான் பிடிக்க முடியும். நான் சேர்ந்த புதிதில் டிக்கெட்டில் உள்ளதை அப்படியே படித்துக் கொடுத்தேன். ஒரு பெண் ஒரு நாள் தாமதமாக வந்து, வேலைக்கான நேர்காணலைத் தவறவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. டிக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று முதல் ‘திங்கட்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்’ என்றே சொன்னேன். அவர்களையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இதனால் எனக்கு நேரம் அதிகம் ஆகும். என் மேலாளருக்கு இதில் வருத்தம் உண்டு.

நெருக்கடி பற்றி: ஒரு முறை பாலம் மூடப்பட்டு எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. நாற்பது பேருக்கு மேல் கவுன்ட்டர் முன்னால் கூடினார்கள். வண்டி எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, தெரிந்ததைச் சொல்வேன் என்றேன். ஏழு முறை வந்து சொன்னேன். அதில் நான்கு முறை சொல்ல ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. அதையும் வந்து சொன்னேன். சத்தம் போட்டவர்கள் பிறகு எனக்கு நாற்காலி போட்டார்கள்.

மரியாதை பற்றி நானே சொல்லிக்கொள்வது சரியாக இருக்காது. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் தெரியும். கிளை மேலாளரின் எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

மருத்துவம் எனக்குத் தெரியாது. அதனால் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களிடம் உடனே அனுப்பி வைப்பேன். கணினியில் முன்பதிவு செய்து பழக்கம் உண்டு. அடுத்த திங்கள் முதலே வர முடியும்.

நன்றி.”

கையெழுத்துப் போட்டு, கைபேசி எண்ணை எழுதி, அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். ஒரு தாளின் இரண்டு பக்கம். மாலையில் வாசித்துக் காட்டியபோது மகள், “மேலாளருக்கு வருத்தம் உண்டுன்னு யாராவது எழுதுவாங்களாம்மா? அதுவும் அவர் நம்பரையே கொடுத்து?” என்றாள்.

“உண்மைதானே?”

“உண்மைதான். அதுக்காக?”

கணவர் கடிதத்தை வாங்கி, தன் கருவிப் பைக்குள் எண்ணெய் படாத பக்கமாகப் பார்த்து வைத்தார்.

அதன் பிறகு நடந்ததை அந்தக் கிளினிக்கின் தலைமை நர்ஸ் பின்னாளில் அவளிடம் சொன்னார். கடிதங்களைப் பிரித்தவர் நிர்வாகி. கிளினிக்கில் வேலை பார்த்த அனுபவம் இல்லாதவர்களின் கடிதங்களை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவைத்திருந்தார். அந்தக் குவியலில்தான் நிதானத்தின் கடிதமும் கிடந்தது. தலைமை நர்ஸ் டீ குடிக்க வந்தவர், கோப்பையை வைக்க இடம் தேடிக் கடிதங்களை ஒதுக்கினார். ‘நான்கு முறை சொல்ல ஒன்றும் புதிதாக இருக்கவில்லை. அதையும் வந்து சொன்னேன்’ என்ற வரி கண்ணில் பட்டது. டீ ஆறும்வரை நின்றுகொண்டே படித்தார்.

“இவங்களுக்கு அனுபவம் இல்ல சிஸ்டர்” என்றார் நிர்வாகி.

“எந்த அனுபவம் சார் இல்ல? டாக்டர் லேட்டானா நம்ம ஹால்ல என்ன நடக்குதுன்னு பாத்தீங்கல்ல? அந்த அனுபவம் இவங்களுக்கு இருக்கு. மத்ததை நான் சொல்லித் தரேன்.”

டாக்டர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சுருக்கமாகப் பேசுவார். கடிதத்தைப் படித்துவிட்டு, கீழே இருந்த எண்ணுக்குத் தானே பேசினார்.

“நல்லவங்கதான் டாக்டர்” என்றார் பேருந்து நிறுவனத்தின் பழைய மேலாளர். “ஆனா ரொம்ப மெதுவாப் பேசுவாங்க.”

“எவ்வளவு மெதுவா?”

மேலாளர் யோசித்தார். “கேக்கறவங்களுக்குப் புரியற அளவுக்கு” என்றார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். “அவங்க போட்ட டிக்கெட்டுல தப்புன்னு எனக்குப் புகார் வந்ததில்ல. மத்த கவுன்ட்டர்ல வாரத்துக்கு ரெண்டு வரும்” என்று அவராகவே சேர்த்துச் சொன்னார்.

நேர்காணலுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. நிதானம் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தாள். அறையில் டாக்டரும் நிர்வாகியும் இருந்தார்கள். நிர்வாகி சம்பளம், வேலை நேரம், விடுமுறை பற்றியெல்லாம் சொன்னார். டாக்டர் மேசை மேலிருந்த தொலைபேசியைக் காட்டி, “இப்ப ஒரு போன் வரும். நீங்க ரிசப்ஷன்ல இருக்கறதா நினைச்சுப் பேசுங்க” என்றார்.

மணி அடித்தது. பக்கத்து அறையிலிருந்து தலைமை நர்ஸ்தான் பேசினார். ஆனால் குரல் பதறிப்போன ஒரு மனைவியின் குரலாக இருந்தது.

“என் வீட்டுக்காரர் ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சாம்மா? என்னன்னு சொல்லும்மா.”

“வணக்கம்மா. உங்க பேரு சொல்லுங்க. அவர் பேரும் பிறந்த தேதியும் வேணும்.”

நர்ஸ் சொன்னார். நிதானம் எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துச் சரிபார்த்தாள்.

“குறிச்சுக்கிட்டேம்மா. ரிசல்ட்டை நான் போன்ல சொல்ல முடியாது. டாக்டர் பாத்துட்டு அவர்கிட்டதான் பேசுவாங்க. அவரையே கூப்பிடச் சொல்றீங்களா? இல்ல, அவர் நம்பர் கொடுத்தீங்கன்னா இங்கிருந்து கூப்பிடச் சொல்றேன்.”

“மூணு நாளா தூங்கலம்மா நான்” என்று நர்ஸ் குரல் உடைந்தார். நடிப்புதான் என்றாலும் நன்றாகவே உடைந்தார். “ஏதாவது பெருசா இருக்குமோன்னு பயமா இருக்கு.”

“பயப்படாதீங்கம்மா. ஒண்ணும் இருக்காது” என்றாள் நிதானம்.

சொன்ன மாத்திரத்தில் வாயை மூடிக்கொண்டாள். எதிரே டாக்டரின் பேனா நின்றுவிட்டது. நிதானம் ஒரு நொடி யோசித்துவிட்டு, தொலைபேசியிலேயே தொடர்ந்தாள்.

“மன்னிச்சுக்கங்கம்மா. நான் இப்ப சொன்னது தப்பு. ரிசல்ட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாம ஒண்ணும் இருக்காதுன்னு நான் சொல்லக் கூடாது. நீங்க தவிக்கிறீங்கன்னு டாக்டர்கிட்ட இப்பவே சொல்றேன். இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள அவருக்கு இங்கிருந்து போன் வர்றதுக்கு ஏற்பாடு பண்ண முடியுமான்னு கேட்டு, எப்படி இருந்தாலும் நாலு மணிக்கு நானே உங்களைக் கூப்பிடறேன்.”

தொலைபேசியை வைத்தாள். “ஆலோசனை சொல்ல மாட்டேன்னு கடிதத்துல எழுதிட்டு, வந்த முதல் நாளே சொல்லிட்டேன் டாக்டர்” என்றாள்.

“சொல்லிட்டீங்க” என்றார் டாக்டர். “எல்லாரும் சொல்லிடறாங்க. நாளைக்கு அந்த ரிசல்ட் மோசமா வந்தா, ‘உங்க ஆளு ஒண்ணும் இல்லைன்னாங்களே’ன்னு வந்து நிப்பாங்க. ஆனா சொன்னதை உடனே போன்லயே திருத்தினவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல.”

கதவைத் திறந்துகொண்டு தலைமை நர்ஸ் வந்தார். “நாலு மணிக்கு நான் காத்திருப்பேன்” என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நிதானத்துக்குச் சிரிக்கச் சற்று நேரம் பிடித்தது. ஒரு மாதம் சோதனையாக வேலை பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்று நிர்வாகி எழுதிக் கொடுத்தார்.

முதல் வாரம் முழுவதும் தலைமை நர்ஸ் பக்கத்திலேயே இருந்து சொல்லிக்கொடுத்தார். ஒரே பெயரில் மூன்று நோயாளிகள் இருப்பார்கள், அதனால் பிறந்த தேதி கேட்காமல் கோப்பு எடுக்காதே. என்ன உடம்புக்கு என்று ஹாலுக்குக் கேட்கும்படி கேட்காதே. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறுவது, நிற்காத ரத்தம் என்று யார் சொன்னாலும் வரிசையைப் பார்க்காதே, என்னைக் கூப்பிடு. நிதானம் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியாகச் சொன்னதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கணினிக்குக் கீழே தன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி ஒட்டினாள்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு ஹாலில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்து, தாய் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டரும் தலைமை நர்ஸும் சிகிச்சை அறைக்குள் போனார்கள், கதவு மூடிக்கொண்டது. வரிசை நின்றுவிட்டது. நேரம் போகப் போக நாற்காலிகள் கிறீச்சிடத் தொடங்கின. முன்வரிசையில் இருந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் எழுந்து வந்து மேசையில் தட்டினார்.

“எனக்கு ஒன்பதரைக்கு டைம் கொடுத்தீங்க. இப்ப மணி என்ன?”

“பத்து இருபது சார். நீங்க சரியான நேரத்துக்கு வந்தீங்க. தாமதம் எங்களோடதுதான்.”

அவர் இன்னும் பேசத் தயாராக வந்திருந்தார்.

“உள்ள ஒரு அவசரம். டாக்டர் எப்ப வெளிய வருவாங்கன்னு எனக்குத் தெரியாது சார். உங்க முறை எங்கயும் போகாது, வந்ததும் முதல்ல நீங்கதான். வேற நாள் வர்றதா இருந்தா இப்பவே மாத்தித் தரேன்.”

“என் வேலை என்னாகறது?” என்று குரலை உயர்த்தினார் அவர். பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தபடியே பதில் சொன்னால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும் என்று நிதானத்துக்குப் பட்டது. எழுந்து ஹாலின் நடுவுக்கு வந்தாள். உள்ளே அவசர சிகிச்சை நடப்பதையும், யாருடைய முறையும் தவறாது என்பதையும், வேறு நாள் வேண்டுபவர்கள் தன்னிடம் வரலாம் என்பதையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே பின்வரிசை வரை நடந்தாள். 

கடைசி வரிசையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளி ஆசிரியராம், பிறகு தெரிந்தது. மின்விசிறிக்கு நேர்கீழே இருந்தும் அவர் நெற்றி நனைந்திருந்தது. ஒரு கையால் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து மெல்லக் கேட்டாள். “ஐயா, எப்படி இருக்கீங்க?”

“எனக்கு அவசரம் இல்லம்மா. அவரை முதல்ல அனுப்புங்க. வெறும் வாயுதான்.”

“நெஞ்சுல வலி இருக்கா?”

“வலின்னு இல்ல. யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு.”

“எவ்வளவு நேரமா?”

“இங்க வந்ததுல இருந்து. ஒரு அரை மணி நேரம்.”

“எந்திரிக்காதீங்க ஐயா. இங்கேயே இருங்க. நான் சிஸ்டரைக் கூட்டிட்டு வரேன்.”

இதயமாக இருக்குமோ என்று அவள் வாயில் வந்தது. சொல்லவில்லை. பயப்படாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஓடாமல் ஆனால் வேகமாக நடந்தாள். சிகிச்சை அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தாள்.

“சிஸ்டர், கடைசி வரிசையில ஒருத்தர். ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். அரை மணி நேரமா நெஞ்சுல பாரம், நல்லா வேர்க்குது. உக்கார வெச்சிருக்கேன்.”

தலைமை நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். குழந்தைக்கு வலிப்பு நின்று, தாயின் மடியில் தூங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் தலையசைத்தார். அடுத்த நிமிடம் சக்கர நாற்காலி ஹாலுக்குள் வந்தது. ஒப்பந்தக்காரர் வழியில் நின்றுகொண்டிருந்தார்.

“சார், கொஞ்சம் வழி விடுங்க” என்றாள் நிதானம், இவ்வளவு நேரமும் பேசிய அதே குரலில். அவர் வழிவிட்டார். பிறகு நாற்காலிகளை நகர்த்தவும் செய்தார்.

ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். நிதானம் முகவரியையும் மாடியையும் லிஃப்ட் இருக்கும் பக்கத்தையும் சொல்லி, எதிர்முனையில் இருந்தவரைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். அங்கே யாரும் அவளை மெதுவாகப் பேசுகிறாள் என்று குறை சொல்லவில்லை. ஆசிரியரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர் கொடுத்த எண்ணுக்கு அழைத்து அவர் மனைவியிடம் டாக்டரைப் பேச வைத்தாள்.

அதன் பிறகு மீதி இருபத்தோரு பேரையும் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் ஒப்பந்தக்காரர் உள்ளே போனார். போகும்போது, “அவர் எப்படி இருக்கார்?” என்று கேட்டார்.

“அதை நான் சொல்லக் கூடாது சார். நீங்க கேட்டது நல்ல மனசு.”

மதியம் ஹால் காலியான பிறகுதான் அவள் எழுந்து கழுவும் அறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். வெளியே வந்தபோது தலைமை நர்ஸ் இரண்டு கோப்பை டீயோடு உட்கார்ந்திருந்தார்.

“அடைப்பு இருந்திருக்கு. சரியான நேரத்துல போய்ச் சேர்ந்தாராம். போன் வந்துச்சு” என்றார். பிறகு, “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டார்.

“நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல சிஸ்டர். பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கணுமேன்னு நடந்து போனேன். அங்க அவர் இருந்தார்.”

அந்தச் செய்தி எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டது. சாயங்காலம் அவள் நாத்தனார், அடுத்த தெருவில் இருப்பவர், காய்கறிப் பையோடு வந்து உட்கார்ந்தார்.

“நெஞ்சுவலின்னு ஒரு வாத்தியாரைத் தூக்கிட்டுப் போனாங்களாமே. எந்த வாத்தியார்? நம்ம பையனுக்குக் கணக்கு எடுத்தவரா?”

“தெரியாதுங்க அண்ணி.”

“நீதானே அங்க உக்காந்திருந்தே?”

“உக்காந்திருந்தேன். அதனாலதான் தெரியாது.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். “என்னடா இது? உன் பொண்டாட்டி கிளினிக்குல சேர்ந்தா ஊர்ச் சேதி வீடு தேடி வரும்னு நினைச்சேன். இருந்ததும் போச்சே.”

“அக்கா, நான் கேட்டே ஒண்ணும் வரல” என்றார் அவர். நாத்தனார் சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு தனக்கே சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அங்கே வந்தால் யாருக்கும் தெரியாதே என்று தணிந்த குரலில் கேட்டார். “எனக்கே தெரியாது அண்ணி” என்றாள் நிதானம். அடுத்த வாரமே நாத்தனார் வந்தார். பிறந்த தேதி கேட்டபோது மட்டும் கொஞ்சம் தகராறு ஆனது.

மாதக் கடைசியில் நிர்வாகி ஒரு உறையைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். வேலை நிரந்தரம் என்ற கடிதம் அதில் இருந்தது. “நான் உங்க கடிதத்தை முதல்ல தள்ளி வெச்சிருந்தேன். அதைச் சொல்லிடணும்னு தோணுச்சு” என்றார். 

“சிஸ்டர் சொன்னாங்க சார்.”

“சொல்லிட்டாங்களா?” அவர் முகம் சற்று வாடியது. “சரி, அவங்களால சும்மா இருக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கோபமாக வரும் தொலைபேசி அழைப்புகளை எல்லாம் அவர் அவளுக்கே மாற்றிவிடத் தொடங்கினார். அதுதான் அவருக்குத் தெரிந்த பாராட்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் சீட்டில் தேதியோடு கிழமையும், காலையா மாலையா என்பதும் பெரிய எழுத்தில் அச்சாகிறது. அவள் கேட்டு வாங்கிய மாற்றம் அது. மதியம் ஒன்றரை மணிக்குத் தொலைபேசியைத் தலைமை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாப்பிடுவாள். கீழே தெருவில் வண்டிகள் போகும். சில நாள் அவள் கணவர் அதே கட்டடத்தில் வேலையாக இருப்பார். கருவிப் பையை வாசலில் வைத்துவிட்டு, நோயாளிபோல அவள் முன்னால் வந்து நிற்பார். அவள் நிமிர்ந்து பார்த்து, மற்றவர்களிடம் கேட்பது போலவே, “பேரு, பிறந்த தேதி சொல்லுங்க” என்பாள். அவர் சொல்வார். அவள் சாப்பாட்டு டப்பாவில் பாதியை அவர் பக்கம் நகர்த்துவாள்.